எங்கள் லாட்ஜில் தங்கியவர்களின் ஆதார் நகல் வெளியே போனபோது அவர்களுக்கு எப்படிச் சொன்னேன்

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சிறிய லாட்ஜ் இருக்கிறது. பதினாறு ரூம். அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன ஆடி அமாவாசைக்குச் சில வாரங்களுக்கு முன்னால், எங்களிடம் தங்கியவர்களின் ஆதார் நகல்கள் வெளியாட்கள் கைக்குப் போயிருக்கலாம் என்று தெரிந்தது. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது, யாருக்கு முதலில் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது என்று கேட்டுக்கொள்ள எனக்கு யாரும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் எல்லாரும் "சொல்லாதே" என்றுதான் சொன்னார்கள். இந்தக் கரையில் லாட்ஜ், வீட்டுத் தங்கல், டிராவல்ஸ், படகுச் சவாரி என்று நடத்துகிற எத்தனையோ பேர் ஆதாரைப் போட்டோ எடுத்து ஒரு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு, ரயில் மறுபடி ஊருக்குள் வந்து சேர்ந்த முதல் ஆடி அது. இரண்டு வருடத்துக்கும் மேலாக மண்டபத்தில் இறங்கி பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வந்துகொண்டிருந்த ஜனங்கள் இப்போது நேராக வருவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அமாவாசையைச் சுற்றி எல்லா ரூமும் அட்வான்ஸோடு பதிவாகியிருந்தது. அப்போதுதான் மதுரையிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க மனைவியோடு வருவதாகப் பதிவு செய்திருந்தவர். "என்னம்மா, ரூம் கேன்சல்னு சொன்னீங்க, அட்வான்ஸைத் திருப்பித் தர்றோம்னு கியூஆர் கோடு அனுப்பினீங்க, ஸ்கேன் பண்ணினா என் கணக்குல இருந்து பதினெட்டாயிரம் போயிருச்சே" என்றார். கோபம்கூட இல்லை அவர் குரலில், குழப்பம்தான். நாங்கள் யாரும் அவருக்குப் போன் செய்யவில்லை. ஆனால் அழைத்தவனுக்கு அவர் வரும் தேதி தெரிந்திருந்தது, எத்தனை பேர் என்று தெரிந்திருந்தது, கட்டிய அட்வான்ஸ் தெரிந்திருந்தது, ஆதாரின் கடைசி நாலு எண்ணையும் சொல்லியிருக்கிறான். அதனால்தான் அவர் நம்பினார்.

முதலில் செய்ய வேண்டியது அவரை 1930க்கு அழைக்கச் சொல்வது. சைபர் மோசடிக்கான நாடு தழுவிய உதவி எண் அது. பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் என்றால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இந்தப் புகாரைப் பணம் இழந்தவரே கொடுக்க வேண்டும், அவருடைய கணக்கு விவரத்தைத்தான் கேட்பார்கள். நான் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் லைனில் இருந்து, என்ன கேட்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு பகுதிப் பணம் பிற்பாடு திரும்பி வந்தது. முழுவதும் வரவில்லை.

தங்கச்சிமடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியை வரச் சொன்னேன். எங்கள் பதிவு மென்பொருளில் ஒவ்வொரு விருந்தினரின் ஆதார் போட்டோவுக்கும் ஒரு முகவரி உண்டு. அதன் கடைசியில் ஓர் எண் வரும், `/idproof/4127.jpg` என்பதுபோல். அவன் என் பெயரில் ஒரு சோதனைப் பதிவும் தன் பெயரில் ஒன்றும் போட்டு, இரண்டு படத்தையும் ஏற்றினான். பிறகு லாகின் எதுவும் இல்லாத தன் போனில் என் படத்தின் முகவரியை அடித்தான். திறந்தது. கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டினான். அவன் படம் திறந்தது. "அக்கா, இதுக்குப் பாஸ்வேர்டே இல்ல. எண்ணை மாத்திக்கிட்டே போனா எல்லாமே வரும்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க உங்கள் சொந்தப் பதிவுகளை மட்டும் வைத்துப் பாருங்கள். ஆர்வத்தில் அடுத்தவர் படங்களைத் திறந்துகொண்டே போனால் அதுவும் அத்துமீறல்தான், பின்னால் விசாரணை என்று வந்தால் உங்கள் போனும் அந்தப் பட்டியலில் நிற்கும். திறந்த திரையை நேரம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

மென்பொருள் கம்பெனிக்காரர் முதலில் இல்லவே இல்லை என்றார். திரையின் படத்தை அனுப்பியதும் குரல் மாறியது. அன்றிரவே அந்த முகவரிகளை மூடிவிட்டார், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடனே சொன்ன வார்த்தை, "மேடம், அடைச்சாச்சு. இனி யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம், உங்க லாட்ஜ் பேருதான் கெடும்." பக்கத்து லாட்ஜ் அண்ணனும் அதையேதான் சொன்னார். எனக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அடைத்ததால் ஏற்கெனவே போன படங்கள் திரும்பி வராது. அடுத்த வாரம் வரவேண்டியவர்கள் எல்லாருடைய தேதியும் அட்வான்ஸும் அந்தத் திருடர்கள் கையில் இருக்கின்றன. மதுரைப் பெரியவருக்கு நடந்தது இன்னும் எத்தனை பேருக்கு நடக்கப்போகிறது என்று யோசித்தபோது, சும்மா இருப்பது என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

கம்பெனியிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டேன்: எப்போதிலிருந்து திறந்து கிடந்தது, என்னென்ன விவரங்கள், யார் யார் திறந்து பார்த்தார்கள். போனில் கேட்டால் பதில் மாறிக்கொண்டே இருக்கும், மின்னஞ்சலில் கேளுங்கள். பிப்ரவரியில் ஒரு மாற்றம் செய்தபோது பூட்டு விட்டுப்போனது, ஆதார் படம் மட்டுமல்ல, பெயர், போன் எண், தங்கும் தேதி, அட்வான்ஸ் தொகையும் திறந்து கிடந்தன என்று பதில் வந்தது. யார் பார்த்தார்கள் என்பதற்கு, சர்வரின் பதிவேடு சில நாட்களுக்கு மேல் வைப்பதில்லை என்றார்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி அந்தப் பதிவேட்டை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அவர்கள் வைக்கவில்லை. அதனால் யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை கிடையாது.

கூடவே பிப்ரவரி முதல் ஜூலை வரை தங்கியவர்களின் பட்டியல் ஒன்றையும் அனுப்பி, "பாதிக்கப்பட்டவர்கள் இவ்வளவுதான்" என்றார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறேன். கதவு பிப்ரவரியில்தான் திறந்தது, சரி. ஆனால் திறந்த கதவுக்குப் பின்னால் மூன்று வருடப் படங்களும் ஒரே இடத்தில் கிடந்தன. முந்தின வருடம் தங்கிப் போனவரின் படத்தையும் பிப்ரவரிக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். தம்பி முன்பே ஒரு பழைய பதிவில் என் சித்தப்பாவின் படத்தை, அவர் அனுமதியோடு, அப்படித் திறந்து காட்டியிருந்தான். ஆக, பட்டியல் என்பது ஓட்டை இருந்த மாதங்களில் தங்கியவர்கள் அல்ல, அந்த மாதங்களில் அங்கே விவரம் கிடந்தவர்கள். அப்படி எடுத்தால் பதிவுகள் ஆயிரத்து முந்நூறைத் தாண்டின. ஆட்கள் அதைவிட மூன்று மடங்கு, ஏனென்றால் குடும்பமாக வந்தால் எல்லோருடைய ஆதாரும் ஏறியிருக்கும், போன் எண் மட்டும் ஒருவருடையதுதான் இருக்கும்.

அரசுக்குச் சொல்வது தனி வேலை. அதே 2022 உத்தரவுப்படி, தகவல் கசிவு கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். incident@cert-in.org.in என்ற முகவரிக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி அனுப்பினேன், மீதியை "பிறகு தருகிறேன்" என்றேன். எல்லாம் தெரியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. cybercrime.gov.in தளத்திலும் பதிந்தேன். வாடிக்கையாளருக்கே தெரிவித்தாக வேண்டும் என்ற கடமை 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, தெரிவிக்கும் விதி அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். நான் செய்தபோது கட்டாயம் இல்லை. ஆனால் அந்த விதியைப் பின்னால் படித்தபோது, அதில் கேட்கும் விஷயங்கள் எல்லாம் என் விருந்தினர்கள் என்னிடம் போனில் கேட்ட கேள்விகளாகவே இருந்தன. என்ன நடந்தது, எப்போது, எவ்வளவு தூரம், அதனால் எனக்கு என்ன ஆகலாம், நீங்கள் என்ன செய்தீர்கள், நான் என்ன செய்ய வேண்டும், யாரிடம் கேட்பது. இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. தவறு மென்பொருள்காரருடையது என்றாலும், விவரத்தை வாங்கிய நாம்தான் பொறுப்பு. விருந்தினர் ஆதாரைக் கொடுத்தது என் கையில்தானே.

இனி அந்தக் கடிதம். கம்பெனிக்காரர் ஒரு வாசகம் எழுதி அனுப்பினார்: "அன்பான வாடிக்கையாளரே, சமீபத்திய பாதுகாப்பு மேம்படுத்தலின்போது சில தரவுகள் அங்கீகாரமின்றி அணுகப்பட்டிருக்கக்கூடிய சாத்தியம் கண்டறியப்பட்டுள்ளது. உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிக முக்கியம்." இதை என் அத்தையிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டேன். "ஏதோ நல்லதாக்கியிருக்காங்க போல" என்றார். எழுபது வயது அத்தைக்கு என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்று புரியாத கடிதம் என் விருந்தினருக்கும் புரியாது. பாதிப் பேர் திதி கொடுக்க வருகிற பெரியவர்கள்தான். அன்றிரவு உட்கார்ந்து நானே எழுதினேன், அத்தை சரி என்று சொல்லும்வரை திருத்தினேன். கடைசியில் அனுப்பியது இது:

"வணக்கம். ராமேஸ்வரத்தில் நீங்கள் தங்கிய / தங்கப் பதிவு செய்த லாட்ஜின் உரிமையாளர் எழுதுகிறேன். எங்களிடம் நீங்கள் கொடுத்த ஆதார் படம், பெயர், போன் எண், தங்கும் தேதி, அட்வான்ஸ் தொகை ஆகியவற்றை வெளியாட்கள் பார்க்க முடிகிற நிலை பிப்ரவரி முதல் ஜூலை வரை இருந்தது. எங்கள் பதிவு மென்பொருளில் இருந்த ஓட்டைதான் காரணம். ஜூலையில் தெரிந்த அன்றே அடைத்துவிட்டோம், அரசுக்கும் தெரிவித்துவிட்டோம். யார் பார்த்தார்கள் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களுடையதும் போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு எண், ஏடிஎம் கார்டு, கைரேகை எங்களிடம் இருந்ததில்லை, அவை போகவில்லை.

எங்கள் பெயரைச் சொல்லி ரூம் கேன்சல், பணம் திருப்பித் தருகிறோம், இழப்பீடு தருகிறோம் என்று யார் அழைத்தாலும் நம்ப வேண்டாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் போகிறது என்று பொருள். உங்கள் ரூம் அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே பணம் போயிருந்தால் இப்போதே 1930க்கு அழையுங்கள். உங்களோடு தங்கிய மற்றவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இந்தச் செய்தியில் லிங்க் எதுவும் கிடையாது. இது உண்மையா என்று பார்க்க, இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம். உங்களிடம் உள்ள எங்கள் பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். நான்தான் எடுப்பேன். இப்படி ஆனதற்கு வருந்துகிறேன்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. "போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதை நீக்கச் சொல்லி கம்பெனிக்காரர் ரொம்ப வற்புறுத்தினார். "போயிருக்கலாம்" என்று எழுதினால் படிப்பவர் தனக்குப் போகவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வார். எது போகவில்லை என்று சொல்வதும் அவ்வளவே முக்கியம். அந்த வரி இல்லாதபோது முதலில் படித்துக் காட்டிய இரண்டு பேரும் உடனே வங்கிக்கு ஓடிக் கணக்கை மூடவா என்று கேட்டார்கள். இழப்பீடு பற்றிய வரி பிறகு சேர்த்தது. நாங்கள் முதல் சிலருக்கு அனுப்பத் தொடங்கியதுமே, "தகவல் கசிவுக்கு இழப்பீடு, இந்த லிங்கைத் தட்டுங்கள்" என்று எங்கள் பெயரில் ஒரு போலிச் செய்தி சிலருக்குப் போய்விட்டது. நாம் அறிவிப்பதையே அவர்கள் அடுத்த தூண்டிலாக்குவார்கள். ஆகவே லிங்க் வேண்டவே வேண்டாம். நம் செய்தியும் மோசடிச் செய்தி போலத்தான் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. அவரிடம் முன்பே இருக்கிற பில், அதில் இருக்கிற எண், அது ஒன்றுதான் அவர் நம்பக்கூடிய சாட்சி.

ஆதாரைப் பற்றிய பகுதியை மட்டும் தனிச் செய்தியாக அனுப்பினேன், ஒன்றாகப் போட்டால் யாரும் கடைசிவரை படிப்பதில்லை. ஆதார் எண்ணை மட்டும் வைத்து யாரும் பணம் எடுத்துவிட முடியாது. ஆனால் ஆதார் எண்ணும் வங்கிப் பெயரும் கைரேகையும் இருந்தால், கார்டோ ஓடிபியோ இல்லாமல் கைரேகை மெஷினில் பணம் எடுக்கிற வழி ஒன்று இருக்கிறது. கிராமங்களில் வங்கி முகவர்கள் வைத்திருப்பது. கைரேகையைப் போலியாக எடுத்து அப்படித் திருடியது நடந்திருக்கிறது. அதற்குத் தடுப்பு, myaadhaar.uidai.gov.in தளத்திலோ ஆதார் செயலியிலோ பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பது. ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வரும், அதை நாமே அந்தத் தளத்தில் போட வேண்டும், போனில் கேட்பவர் யாருக்கும் சொல்லக் கூடாது. ஆதாரை யார் எங்கே பயன்படுத்தினார்கள் என்பதையும் அங்கேயே பார்க்கலாம். சந்தேகம் என்றால் ஆதார் உதவி எண் 1947க்கு அழைக்கலாம்.

ஆனால் பூட்டச் சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடக் கூடாது. பூட்டிய பிறகு ரேஷன் கடையில் விரல் வைத்தால் எடுக்காது, முதியோர் பென்ஷனை வங்கி முகவரிடம் கைரேகை வைத்து வாங்குபவருக்கும் அதே கதி. தேவைப்படும்போது சிறிது நேரம் திறந்துகொள்ளலாம் என்பதைச் சேர்த்து எழுதினேன். அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால், அடுத்த மாதம் ரேஷன் கிடைக்காத ஒரு பாட்டியின் கோபத்துக்கு நான்தான் ஆளாகியிருப்பேன், அது நியாயமும்கூட. தன் பெயரில் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று sancharsaathi.gov.in தளத்தில் பார்க்கச் சொன்னேன். மூன்றே காரியம். அதற்கு மேல் பட்டியல் போட்டால் எதையுமே செய்ய மாட்டார்கள்.

அனுப்பும் வேலைதான் நான் நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போட்டேன். நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போகும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருமுறை வந்து தங்கிப் போனவர் லாட்ஜ் எண்ணை எதற்குப் பதிந்து வைப்பார்? ஒரு டிக்கோடு நிற்கும் செய்தி போய்ச் சேரவில்லை என்று பொருள். ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினேன். சிலர் மோசடி என்று நினைத்து ரிப்போர்ட் அடிக்க, அந்த எண் கொஞ்ச நாள் முடங்கியது. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்றால், வியாபாரப் பெயரில் அனுப்பப் போன் நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி பதிவு வேண்டும், செய்தியின் வாசகத்துக்கும் முன்னனுமதி வேண்டும். அவசரத்துக்கு ஆகாது. என் சிம்மில் ஒரு நாளைக்கு நூறு எஸ்எம்எஸ்தான். அதனால் வரிசை முக்கியமாகிவிட்டது. வரப்போகிற நாட்களில் பதிவு உள்ளவர்களுக்கு முதலில் நேரடியாகப் போன் செய்தோம், மோசடிக்காரனுக்கு உடனே உதவும் விவரம் அவர்களுடையதுதான். அடுத்து அந்த வருடம் தங்கியவர்களுக்கு. பழையவர்கள் கடைசியில். வியாபாரம் நடத்துபவர்கள் டிஎல்டி பதிவை இப்போதே செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்து வந்தபிறகு அதற்கு நேரம் கிடைக்காது.

மொழி இன்னொரு பாடு. எங்களிடம் வருபவர்களில் ராஜஸ்தான், குஜராத், ஆந்திராக்காரர்கள் நிறைய. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டதை இந்தி தெரிந்த ஒரு கைடு அண்ணனிடம் காட்டினேன். "இதைப் படிச்சா நீங்கதான் திருடின மாதிரி இருக்கு" என்றார். அவரே உட்கார்ந்து இந்தியில் எழுதிக் கொடுத்தார். தெலுங்குக்கு எங்களுக்கு வழக்கமாகக் குழு அழைத்து வரும் ஒரு ஏற்பாட்டாளர் உதவினார். பஸ் குழுக்களில் நாற்பது பேர் ஆதாரும் இருக்கும், போன் ஏற்பாட்டாளருடையது மட்டும் இருக்கும். அவர்களிடம் தனியாகப் பேசி, யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று பெயருக்கு நேரே குறித்துத் தரச் சொன்னேன். சிலர் தந்தார்கள். ஒருவர், "இதெல்லாம் சொன்னா அடுத்த வருஷம் என்கூட வர மாட்டாங்க" என்று மறுத்துவிட்டார். அந்தக் குழுவில் இருந்தவர்களை நான் எட்டவே இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

போன் ஓயவில்லை. காலையில் தீர்த்தமாடப் போகிறவர்களுக்குக் கதவைத் திறப்பதிலிருந்து இரவு வரை ஒரு காதில் போன்தான். திட்டியவர்கள் உண்டு. "என் மகள் படம் அந்த ஆதாரில் இருக்கிறதே" என்று அழுத ஒரு தாய்க்கு என்னிடம் பதில் இல்லை. அப்படிப்பட்டவரிடம் "பயப்படாதீர்கள்" என்று சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். என்ன போனது, அதை வைத்து என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் நிதானத்துக்கு வருவார்கள். யார் அழைத்தார், என்ன கேட்டார், என்ன சொன்னோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். அந்த நோட்டினால்தான், அதே மாதிரி போலி அழைப்பு வேறு சிலருக்கும் வந்திருப்பதும், அழைத்த எண்கள் என்ன என்பதும் தெரிந்து போலீஸில் கொடுக்க முடிந்தது. முன்கூட்டி எச்சரித்ததால் பணம் கொடுக்காமல் போனை வைத்தவர்கள் பலர். எச்சரிக்கை எட்டுவதற்கு முன்னால் ஆந்திராவிலிருந்து ஒருவர் ஏமாந்திருந்தார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அமாவாசைப் பதிவுகளில் சிலர் ரத்து செய்தார்கள், அட்வான்ஸை முழுதாகத் திருப்பினேன். ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போனது. மென்பொருளுக்குக் கட்டிய வருடச் சந்தா இருபத்து நாலாயிரம் திரும்ப வரவில்லை. மதுரைப் பெரியவரிடமும் அவர் மனைவியிடமும் ரூம் வாடகை வாங்கவில்லை. அவர்கள் வந்தார்கள், திதியும் கொடுத்தார்கள். லாட்ஜ் பேர் கெடும் என்றார்களே, அதில் உண்மை இல்லாமல் இல்லை, அந்த மாதம் புதுப் பதிவுகள் குறைந்தன. ஆனால் பழைய விருந்தினர்களில் கணிசமானோர் மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு இரண்டாவது செய்தி ஒன்றும் அனுப்பினேன். முதல் செய்தியில் சொல்லாத இரண்டு விஷயம்: ஓட்டை இருந்த காலம் கம்பெனியின் எழுத்துப்பூர்வப் பதிலால் உறுதியானது, பழைய ஆதார் படங்களை எல்லாம் அழித்துவிட்டோம். அழிப்பதற்கு முன்னால் காவல் நிலையத்தில் கேட்டுக்கொண்டேன், விசாரணைக்குத் தேவையானது அழியக் கூடாது என்பதற்காக. இப்போது பதிவேட்டில் அடையாள அட்டையின் வகையும் கடைசி நாலு எண்ணும் மட்டும் எழுதுகிறோம், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைத்தான் கேட்டு வாங்குகிறோம். புது மென்பொருள்காரரிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில், கசிவு என்று தெரிந்தால் அன்றே எங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், சர்வர் பதிவேட்டை 180 நாளாவது வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் பட்டியலை நாங்கள் கேட்டதும் தர வேண்டும் என்று மூன்று வரி சேர்த்திருக்கிறேன். இரண்டு கம்பெனிகள் அந்த மூன்று வரியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டன. மூன்றாவது கம்பெனி கையெழுத்துப் போட்டது, இப்போது அவர்களிடம்தான் இருக்கிறோம்.